ஒரே நிறத்தில் நானூறு முகங்கள்

கல்யாணமாகி மரக்காணத்துக்கு வந்தபோது நான் பாண்டிச்சேரியில் எம்.சி.ஏ. முடித்திருந்தேன். என் கணவர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, ஒரு உரக்கடையின் மாடியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். அதையே பிளைவுட் பலகையால் இரண்டாகத் தடுத்து, பின்பாதியில் எனக்கு ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு லேமினேஷன் மெஷின் போட்டுக் கொடுத்தார். விண்ணப்பம் டைப் அடிப்பது, சான்றிதழ் ஸ்கேன் பண்ணுவது, இதுதான் என் தொழில். படித்த படிப்பில் பத்தில் ஒரு பங்குகூடப் பயன்படவில்லை என்ற எரிச்சல் எனக்குள் எப்போதும் இருந்தது. அந்த எரிச்சலோடுதான் இந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷக் கோடை. உப்பளத் தொழிலாளர் சங்கத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஒருவர் மாடியேறி வந்தார். ஐம்பது வயதிருக்கும். அவரும் உப்பு சுமந்தவர்தான். இடுப்பு வலி வந்த பிறகு சங்க வேலை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"நானூறு பேருக்கு மேல இருக்காங்கம்மா. எல்லாருக்கும் போட்டோ புடிச்சி, சங்கத்து அட்டை போட்டு, கவர் ஒட்டிக் குடுத்துடணும். மழைக்கு முன்னாடி முடிச்சிடுங்க. அப்புறம் ஆளுங்க ஒவ்வொரு ஊருக்கா போய்டுவாங்க."

அவ்வளவு பேரை ஸ்டுடியோவுக்கு வரச் சொல்ல முடியாது. விடிவதற்கு முன்பே பாத்தியில் இறங்குகிறவர்கள் வெயில் ஏறியதும் கரையேறிவிடுவார்கள். அந்த இடைவெளியில் பிடித்தால்தான் உண்டு. என் கணவர் புதிதாக வாங்கியிருந்த டிஜிட்டல் கேமராவைத் தூக்கிக்கொண்டு நாலைந்து நாள் காலையில் உப்பளத்துக்குப் போனார். யார் எந்தப் படம் என்று குழம்பாமல் இருக்க, ஆளுக்கொரு எண்ணைச் சிலேட்டில் எழுதி நெஞ்சுக்கு நேரே பிடிக்கச் சொல்லி எடுத்தார். அந்த ஏற்பாடு என்னுடையது.

படங்களைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். எல்லாரையும் வரப்பில் நிறுத்தி, உப்புக்குவியலைப் பின்னால் வைத்து எடுத்திருந்தார். உப்பு கண்ணைப் பறிக்கும் வெள்ளையில் இருந்தது. முன்னால் நிற்கிற ஆள் நிழல் மாதிரி கறுத்துக் கிடந்தார். பாதிப் பேருக்குக் கண் எது, கன்னம் எது என்றே தெரியவில்லை.

"ஏங்க, ஒருத்தர் மூஞ்சும் தெரியலையே?"

"பிளாஷ் போட்டேன். அந்த வெளிச்சத்துக்கு அது எங்க எடுபடுது? வேற எங்க நிக்க வெக்கறது? சுத்தி உப்புதான் இருக்குது."

"கொஞ்சம் திருப்பி நிக்க வெச்சிருக்கலாம்."

"சூரியனப் பாத்து நின்னா யாரு கண்ணத் தொறப்பா? நீ வந்து எடுத்திருக்கணும்."

வழக்கமாக ஒரு பாஸ்போர்ட் படத்துக்கு நான் செய்வது இதுதான்: படத்தைத் திறப்பேன், முகத்தைச் சுற்றிக் கட்டம் போட்டு வெட்டுவேன், வெளிச்சம் கூட்டுவேன், சேமிப்பேன். ஒன்றிரண்டு படம் என்றால் கை தானாகச் செய்யும். நானூறு முறை அதையே செய்வதை நினைத்தாலே மணிக்கட்டு வலித்தது. கல்லூரிக் கடைசி வருஷத்தில் ஒரு கருத்தரங்கில், படத்தில் முகம் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டரே கண்டுபிடிக்கும் முறையைக் காட்டியிருந்தார்கள். ஓபன்சிவி என்ற நிரல் நூலகம், இலவசம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். வெட்டி வெளிச்சம் கூட்ட பைத்தான் என்ற நிரல்மொழியும், படங்களைக் கையாளும் அதன் 'பில்' நூலகமும் போதும். அவை எனக்குக் கொஞ்சம் பழக்கம்.

"நான் ஒரு புரோகிராம் எழுதறேன். போட்டுவிட்டா அதுவே எல்லாத்தையும் பண்ணிடும்" என்றேன்.

"கையால பண்ணா ஒரு வாரத்துல முடியும்" என்றார்.

"இது ரெண்டு நாளு."

அந்த இரண்டு நாளை அவர் எனக்குப் பல வருஷம் சொல்லிக் காட்டினார்.

எங்கள் கடையில் இருந்த இணைப்பு டெலிபோன் வழியாக வருவது. பெரிய பைல் பாதி இறங்கியதும் யாராவது போன் செய்வார்கள், அறுந்துவிடும். அதனால் பஸ் ஏறிப் பாண்டிச்சேரிக்குப் போய் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் இறக்கி சிடியில் எழுதிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து போட்டால் ஒரு பைல் படிக்கவில்லை. மறுபடி பஸ். பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் இயங்குதளத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஓபன்சிவியைத் தொகுக்க, அதாவது கம்பைல் பண்ண விட்டேன். பாதியில் மின்சாரம் போனது. யுபிஎஸ் பேட்டரி செத்து மாதக்கணக்காகியிருந்தது. மின்சாரம் வந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். கடைசியில் நூலகம் வந்துவிட்டது, ஆனால் அதைப் பைத்தானிலிருந்து கூப்பிடும் இணைப்பு மட்டும் என்ன செய்தும் தொகுபடவில்லை. திரை நிறைய பிழைச் செய்திகள் வந்தன. கேட்பதற்கு மரக்காணத்தில் யாரும் இல்லை.

கடைசியில் சுற்றுவழி ஒன்று பிடித்தேன். நூலகத்தோடு மாதிரிக்காக சி மொழியில் ஒரு சின்ன நிரல் கொடுத்திருந்தார்கள். அதைத் திருத்தி, முகத்தைச் சுற்றி வட்டம் வரைவதற்குப் பதிலாக முகம் இருக்கும் கட்டத்தின் இடம், அகலம், உயரம் இவற்றை எண்களாக அச்சிடச் செய்தேன். பைத்தான் அந்த நிரலை ஒவ்வொரு படத்துக்கும் ஓட்டி, அந்த எண்களைப் படித்து, பில் கொண்டு வெட்டும். பார்க்க அசிங்கம். ஆனால் ஓடியது.

ஓடியது என்றுதான் சொன்னேன். முழுப் படத்தையும் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் வெகுநேரம் எடுத்தது. அதனால் நீளத்தையும் அகலத்தையும் காலாகச் சுருக்கிக் கொடுத்தேன். வேகம் வந்துவிட்டது என்று சந்தோஷமாக எல்லாவற்றையும் ஓட்டிவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், வெட்டிய படங்கள் எல்லாவற்றிலும் வெறும் வானம். சுருக்கிய படத்தில் கிடைத்த எண்களை நாலால் பெருக்காமல் அப்படியே பெரிய படத்தில் வெட்டியிருந்தேன். என் கணவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

"யாரு இவங்கள்லாம்? ரொம்ப வெளுப்பா இருக்காங்களே."

பெருக்கலைச் சேர்த்தேன்.

மறுபடி ஓட்டியபோது முகங்கள் வந்தன. ஆனால் ஏறக்குறைய பாதிப் படங்களுக்கு 'முகம் இல்லை' என்று பதில் வந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஒரு கட்டுப் படங்கள் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தன. மூன்றாம் நாள் முழுக்க கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி எடுத்திருந்தார். நிமிர்ந்த முகங்களைத்தான் அந்த நிரலுக்குத் தெரியும்; படுத்த முகம் அதற்கு முகமே இல்லை. கேமராவும் தான் திருப்பப்பட்டதைப் பைலில் குறித்து வைக்கிற ரகம் இல்லை.

"எதுக்கு திருப்பினீங்க?"

"ஒரு ஆள எடுக்கறதுன்னா கேமராவத் திருப்பித்தான் எடுப்பாங்க. எங்க வேணா கேட்டுப் பாரு. உம் புரோகிராமுக்காக நான் தொழில மாத்திக்கணுமா?"

முகம் கிடைக்கவில்லை என்றால் படத்தை இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை திருப்பிப் பார்க்கச் சொல்லி எழுதினேன். அந்தக் கட்டு சரியானது. மீதி இருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். வெயிலுக்குத் தலையில் போட்ட துணியை நெற்றிவரை இழுத்துவிட்டிருந்தார்கள். அந்த நிரல் முகம் என்று நம்புவது வெளிச்ச வித்தியாசத்தை வைத்துத்தான்: கண் இருக்கும் பட்டை கறுப்பாகவும் அதற்குக் கீழே கன்னம் வெளிச்சமாகவும் இருக்க வேண்டும், மூக்குத்தண்டு இரண்டு கண்களையும்விட வெளிச்சமாக இருக்க வேண்டும். துணியின் நிழலில் எல்லாம் ஒரே கறுப்பு. கண்டுபிடிப்பதற்கு முன்பு படத்தின் வெளிச்ச வித்தியாசத்தைக் கூட்டிக் கொடுத்தபோது சிலர் கிடைத்தார்கள். போதாது என்று, கொஞ்சம் சந்தேகமாக இருந்தாலும் முகம் என்று ஏற்றுக்கொள்ளும்படி அளவுகோலைத் தளர்த்தினேன். உடனே சேலை மடிப்பிலும், பாதி இடிந்த உப்புக்குவியலிலும், ஒருவர் பக்கத்தில் வைத்திருந்த தண்ணீர்க் குடத்திலும் முகங்கள் முளைத்தன. இறுக்கினால் ஆள் காணாமல் போனார், தளர்த்தினால் குடம் வந்தது. இந்த இரண்டுக்கும் நடுவே நாள்கணக்கில் மல்லுக்கட்டினேன். கடைசியில், கிடைத்தவற்றில் பெரிய கட்டத்தை மட்டும் எடு என்று ஒரு விதி போட்டேன். பெரும்பாலும் அது சரியாக இருந்தது. ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்தாள். துணிக்குள் இருந்த அவள் முகம் கிடைக்காமல் குழந்தை சங்க உறுப்பினராகிவிட்டது.

அடுத்தது வெளிச்சம். பில்லில் படத்தின் வெளிச்சத்தைத் தானாகச் சரிசெய்யும் ஒரு கட்டளை உண்டு. போட்டேன். எதுவும் மாறவில்லை. மறுபடி போட்டேன். எங்கோ தவறு என்று அரை நாள் தேடினேன். தவறே இல்லை. படத்தில் மிகக் கறுப்பாக இருப்பதைக் கறுப்புக்கும், மிக வெளுப்பாக இருப்பதை வெள்ளைக்கும் இழுப்பதுதான் அந்தக் கட்டளையின் வேலை. உப்பு ஏற்கெனவே முழு வெள்ளை. இழுக்க எதுவும் மிச்சமில்லை. அதனால் முகக்கட்டத்துக்குள் இருக்கும் சராசரி வெளிச்சத்தை மட்டும் அளந்து, அது ஒரு குறிப்பிட்ட அளவுக்கு வரும்வரை படத்தை ஏற்றச் சொன்னேன். எல்லா முகத்துக்கும் ஒரே அளவு. இது நன்றாக வேலை செய்தது. கண் தெரிந்தது, மூக்குத்தி தெரிந்தது. நிழலை இழுத்து ஏற்றியதால் புள்ளிபுள்ளியாக இருந்தாலும், சின்ன அச்சில் அது தெரியாது. என் கணவர்கூட, "பரவால்லியே" என்றார்.

அட்டை போடுவதற்கு முன்பு ஒருமுறை எல்லாருக்கும் காட்டிவிடலாம் என்று, ஒரு தாளுக்கு இருபது முகமாக அச்சடித்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனோம். கரையோரம் உப்பு மூட்டை அடுக்கும் கொட்டகை. வேலை முடித்தவர்கள் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சங்கத்து அக்கா தாள்களைக் கையில் வாங்கி விநியோகித்தார். முதலில் சிரிப்பு. பிறகு சத்தம் கொஞ்சம் மாறியது.

நடுவயதுப் பெண் ஒருத்தி தாளோடு என்னிடம் வந்தாள். நல்ல கறுப்பு, பளபளப்பான கறுப்பு.

"ஏம்மா, இதுல நான் யாரு?"

அவள் சிலேட்டில் பிடித்திருந்த எண்ணைக் கேட்டு, தாளில் அந்த எண் போட்டிருந்த படத்தைக் காட்டினேன். அவள் படத்தை அருகில் வைத்துப் பார்த்தாள். அதில் இருந்தவள் சாம்பல் பூசியது போல் வெளிறியிருந்தாள்.

"இது நான் இல்ல."

"நீங்கதான்கா. வெளிச்சம் கூட்டியிருக்கோம், அதான்."

"பக்கத்துல இருக்கறது என் நாத்தனா. அவ செவப்பு. அவளும் நானும் ஒரே மாரி இருக்கோமா? எல்லாரையும் ஒரே பெயிண்ட அடிச்சி வெச்சிருக்கியே. எம் புள்ளைங்களே என்னக் கண்டுபுடிக்காதுங்க."

பின்னாலிருந்து ஒரு ஆள் குரல் கொடுத்தார். "அவுங்களாவது வெளுத்தாங்க. என்னப் பாரு, கருக்கி வெச்சிருக்குது." மாநிறத்துக்கும் தூக்கலானவர் அவர். என் நிரல் அவரைக் கீழே இறக்கியிருந்தது.

தாளை வாங்கிப் பார்த்தேன். இத்தனை நாள் ஒவ்வொரு முகமாகத்தான் பார்த்திருந்தேன். இருபதையும் சேர்த்துப் பார்த்ததும்தான் எனக்கே உறைத்தது. இருபது பேரும் ஒரே நிறம். ஒரே அளவுக்குக் கொண்டு வா என்று நான்தானே சொன்னேன், அது கொண்டு வந்துவிட்டது.

"இத போட்டு அட்டை குடுத்தா நாளைக்கு ஒருத்தரும் ஏத்துக்க மாட்டாங்க" என்றார் சங்கத்து அக்கா. கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"எல்லாரையும் மறுபடி எடுத்துட்டா?" என்று என் கணவர் கேட்டார்.

"ஒரு தபா நிக்க வெக்கவே நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இனிமே கூப்ட்டா எவனும் வர மாட்டான்."

திரும்பி வந்து கடைக்குள் நுழைந்ததும் சண்டை ஆரம்பித்தது.

"நான் அப்பவே சொன்னேன், கையால பண்ணுன்னு."

"நீங்க ஒழுங்கா எடுத்திருந்தா நான் ஏன் இவ்ளோ ஏத்தப் போறேன்?"

"மூஞ்சி தெரியலன்னா அது என் தப்பு. எல்லார் மூஞ்சும் ஒண்ணாயிட்டா அது யார் தப்பு?"

நான் இன்னும் சத்தமாகப் பேசினேன். கீழே உரக்கடைக்காரர் தலையை நீட்டி மாடிப்படியைப் பார்த்தார். என் கணவர் கேமராப் பையை மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். நான் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். அந்த அழுகை படங்களுக்காக மட்டும் இல்லை. பாண்டிச்சேரியில் என்னோடு படித்தவர்கள் சென்னையில் கம்பெனிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு குடம் முகமில்லை என்று ஒரு இயந்திரத்துக்குப் புரியவைக்க நான் போராடிக்கொண்டிருந்தேன், அதிலும் தோற்றுவிட்டேன்.

அவர் திரும்பி வந்தபோது கையில் இரண்டு டீ இருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கையால பண்ணும்போது நீ எப்படிப் பண்ணுவ? ஒவ்வொருத்தரையும் ஒரே கலருக்கா கொண்டு வருவ?"

"இல்ல. நெழலு எவ்ளோ விழுந்திருக்குதுன்னு பாத்து, அந்த அளவு ஏத்துவேன்."

"ஒரே எடத்துல, ஒரே நேரத்துல எடுத்தவங்களுக்கு நெழலு ஒண்ணுதானே?"

"கேமரா ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்த மாத்திக்குமே?"

"பின்னாடி பூரா உப்பு. அது அதையேதான் பாத்துட்டு இருந்திருக்கும். பெருசா மாறியிருக்காது."

ஒவ்வொரு பைலிலும் கேமரா தன் வெளிச்ச அளவுகளை எழுதி வைத்திருக்கும். திறந்து பார்த்தேன். அவர் சொன்னது பெரும்பாலும் சரி. ஒரே வரப்பில் எடுத்தவை எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தன. அப்படியானால் முகத்துக்கு முகம் திருத்தக் கூடாது. ஒரு வரப்பில் எடுத்த அத்தனை முகங்களின் சராசரியையும் சேர்த்து அளந்து, அந்தக் கட்டுக்கு ஒரே ஒரு திருத்தம். எல்லாரும் சேர்ந்து மேலே ஏறுவார்கள். கறுப்பானவர் கறுப்பாகவும் சிவப்பானவர் சிவப்பாகவும் அவரவர் இடைவெளியோடு ஏறுவார்கள். நிரலில் மாற்றியது சில வரிகள்தான். அவர் உட்கார்ந்து படங்களை வரப்புவாரியாகத் தனித்தனி போல்டரில் போட்டார். எந்தப் படம் எங்கே எடுத்தது என்று அவருக்குத்தான் தெரியும்.

ஓட்டினோம். தாளில் அச்சடித்துப் பார்த்தோம். அந்தக் கறுப்புப் பெண்ணும் அவள் நாத்தனாரும் வெவ்வேறு ஆட்களாக இருந்தார்கள். ஆனால் எல்லாம் தீரவில்லை. துணியை ரொம்ப இழுத்துவிட்டிருந்தவர்கள் இன்னும் இருட்டாகவே இருந்தார்கள். முகமே கிடைக்காதவர்கள், பக்கவாட்டில் திரும்பி நின்றவர்கள், குழந்தையாகிவிட்டவள், எல்லாருமாகச் சேர்ந்து ஐம்பது பேருக்கு மேல் மிஞ்சினார்கள். அவர்கள் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, கட்டம் போட்டு, வெட்டி, ஏற்றி, கையால்தான் முடித்தேன். அதிலும் முடியாத சிலரை என் கணவர் மறுபடி எடுத்து வந்தார். இந்த முறை கொட்டகை வாசலில், வெளியே பார்த்தபடி நிற்க வைத்து. எதிரே கிடந்த உப்பின் வெளிச்சம் முகத்தில் விழுந்து படம் அவ்வளவு தெளிவாக வந்திருந்தது.

மொத்தமாகக் கணக்குப் பார்த்தால் கையால் செய்திருந்தால் எப்போதோ முடிந்திருக்கும். மழைக்கு முன்னால் அட்டைகளைக் கொடுத்துவிட்டோம், அதுவரை சரி. கொட்டகையில் வாங்கியவர்கள் அட்டையை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் தன் அட்டையை வாங்கி, ஒரு பார்வை பார்த்து, ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. இது நான் இல்லை என்றும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் கூனிமேட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அடையாள அட்டை போடும் வேலை வந்தது. என் கணவர் வராந்தாவில் நீலத் துணி கட்டி, பிள்ளைகளை ஒரே இடத்தில் உட்கார வைத்து, கேமராவைத் திருப்பாமல் எடுத்து வந்தார். நான் அதே நிரலில் போட்டேன். ஒரு முகம்கூட விடாமல், ஒரு குடம்கூட இல்லாமல், மதியச் சோறு ஆறுவதற்குள் அத்தனையும் முடிந்துவிட்டது.

"பாத்தியா, எவ்ளோ ஜோரா வேல செய்யிது" என்று அவர் பூரித்துப் போனார்.

உப்பளத்திலும் முதலிலேயே இப்படி எடுத்திருந்தால் என்று எனக்குக் கோபம்தான் வந்தது. தட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன்.